அந்தப் பதில் யாருக்கு?

போன புரட்டாசியில நான் சொன்ன ஒரு பதிலால பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தரோட மக்காச்சோளம் அறுபது சென்ட் செத்துப்போச்சு. சொன்ன மருந்து சரி, அளவும் சரி. ஆனா அந்தப் பதில் அவருக்குச் சொன்னதே இல்லை. அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். இப்பதான் கை வந்துச்சு.

எங்க பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். புரட்டாசி மழைக்கு மக்காச்சோளமும் பருத்தியும் போடுவோம், கொஞ்சம் உளுந்தும் போடுவோம். எல்லாரும் ஒரே மழைக்கு விதைக்கிறதால எல்லார் வயல்லயும் களை ஒண்ணாத்தான் முளைக்கும். அதனால கேள்வியும் ஒரே வாரத்துல ஒண்ணாத்தான் வரும். எங்க வாட்சப் குரூப்ல முந்நூத்துச் சொச்சம் பேரு இருக்கோம். சாதாரண நாள்ல நாலு குட் மார்னிங், ரெண்டு மாட்டு விலை, அவ்வளவுதான். களை வாரத்துல மட்டும் காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பது மணிக்குள்ள நூறு மெசேஜ் தாண்டிடும்.

அன்னைக்குக் காலையில நடந்தது இதுதான். ஏழு மணி சுமாருக்கு ஒரு அண்ணன் கேட்டார். உளுந்து போட்டு இருபது நாள் ஆச்சு, புல்லு மண்டிக் கிடக்கு, என்ன அடிக்கலாம்னு. நான் கரைமேட்டுல நின்னுக்கிட்டுப் படிச்சேன். மோட்டார் போட உள்ள போனவன், அங்கேயே உக்காந்து பதில் டைப் பண்ணேன். "20 நாள்னா குயிசலோபாப் ஈதைல் 5% ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணியில. மண்ணு ஈரமா இருக்கும்போது அடிங்க." இவ்வளவுதான் எழுதினேன். அனுப்பிட்டு போனைச் சட்டைப் பையில போட்டுட்டேன்.

எங்க மோட்டார் ரூமுக்குள்ள சிக்னல் வராது. மெசேஜ் பக்கத்துல டிக் விழாம சின்னதா ஒரு கடிகாரப் படம் நிக்கும் பாருங்க, அது நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான் கவனிக்கலை. தண்ணி மடை மாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வர்ற வழியிலதான் அது போயிருக்கு. அதுக்குள்ள முக்கால் மணி நேரம் ஆகியிருந்துச்சு.

அந்த முக்கால் மணி நேரத்துல இந்தத் தம்பி குரூப்ல ஒரு போட்டோ போட்டிருக்கார். மக்காச்சோளம், முழங்கால் உயரம்கூட வரலை, ஊடால புல்லு. போட்டோவுக்குக் கீழ தனியா ஒரு மெசேஜ்: "20 நாள் ஆச்சு, களைக்கு மருந்து சொல்லுங்க". அதுக்கு நேர் கீழ போய் என் பதில் விழுந்திருக்கு. "20 நாள்னா" அப்படின்னு ஆரம்பிக்குது. அவர் இடத்துல நான் இருந்திருந்தாலும் எனக்குச் சொன்னதுன்னுதான் எடுத்திருப்பேன்.

குயிசலோபாப் என்ன பண்ணும்னு உங்களுக்குச் சொல்லணும். அது புல் இனத்தை மட்டும் கொல்ற மருந்து. உளுந்து, நிலக்கடலை, பருத்தி மாதிரி அகல இலைப் பயிர்ல அடிச்சா பயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஊடால இருக்கிற புல்லு மட்டும் சாகும். அதுக்குத்தான் அதை வாங்குறோம். மக்காச்சோளம் எந்த இனம்? புல் இனம். நெல்லு, சோளம், கம்பு, கரும்பு எல்லாம் அதே குடும்பம்தான். அந்த மருந்துக்கு அருகம்புல்லும் ஒண்ணுதான், மக்காச்சோளமும் ஒண்ணுதான். மக்காச்சோளத்துக்கு அந்த வயசுல டெம்போட்ரையோன் மாதிரி வேற மருந்து இருக்கு. ரெண்டையும் களைக்கொல்லின்னுதான் சொல்றோம், ஆனா ஒண்ணு இருக்கிற இடத்துல இன்னொண்ணை வைக்கவே முடியாது.

தம்பி கடைக்குப் போய் போன்ல இருந்த பேரைக் காட்டியிருக்கார். எந்தப் பயிருக்குன்னு கடையில கேக்கலை, இவரும் சொல்லலை. டப்பாவோட ஒட்டி வர்ற தாள்ல எந்தெந்தப் பயிருக்குன்னு போட்டிருக்கும், மக்காச்சோளம் பேரு அதுல இருக்காது. ஆனா அந்த எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். சாயங்காலம் ஏழு டேங்க் அடிச்சிருக்கார். அறுபது சென்ட் முடியும்போது தூறல் விழ ஆரம்பிச்சதால நிறுத்திட்டார். மிச்சம் தொண்ணூறு சென்ட் தப்பிச்சது அந்தத் தூறலாலதான்.

இந்த மருந்து அடிச்ச மறுநாளே எதுவும் தெரியாது. அதுதான் அதோட கொடுமை. அஞ்சாறு நாள் பயிர் பச்சையாவே நிக்கும், வளர்த்தி மட்டும் நின்னுபோகும். அப்புறம் நடுக்குருத்து மஞ்சளடிக்கும். குருத்தைப் பிடிச்சு லேசா இழுத்தா கையோட வந்துடும், அடி பழுப்பா அழுகி இருக்கும். குருத்துப்பூச்சி விழுந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்ங்கிறதால தம்பி முதல்ல புழுன்னே நினைச்சிருக்கார். தண்டைப் பிளந்து பார்த்தா புழுவும் இல்லை, ஓட்டையும் இல்லை. அடிச்ச பக்கம் ஒரு செடி விடாம எல்லாம் அப்படி, அடிக்காத பக்கம் ஒண்ணுகூட இல்லை. நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரிஞ்சுது. ஏழாம் நாள் குரூப்ல போட்டோ போட்டு, "அண்ணே நீங்க சொன்னதுதான் அடிச்சேன்"னு என்னைக் கேட்டார்.

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. மக்காச்சோளத்துக்கு நான் எப்படா குயிசலோபாப் சொன்னேன்? வண்டியை எடுத்துக்கிட்டு அவர் வயலுக்கே போனேன். என் போனைத் திறந்து காட்டினேன். என் போன்ல உளுந்துக் கேள்வி, அதுக்கு நேர் கீழ என் பதில். "பாருங்க தம்பி, உளுந்துக்குத்தான சொல்லியிருக்கேன்." அவர் ஒண்ணும் பேசலை. அவர் போனைத் திறந்து என் கையில குடுத்தார். அதுல அவரோட கேள்வி, அதுக்கு நேர் கீழ அதே பதில்.

ரெண்டு பேர் போன்லயும் ஒரே குரூப், ஒரே மெசேஜ், ஆனா வரிசை வேற. நான் டைப் பண்ண நேரத்துல என் போன் அதை அங்கேயே வச்சிடுச்சு. மத்தவங்க போன்ல அது எப்ப போய்ச் சேர்ந்துச்சோ அங்கதான் உக்காரும். இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கேள்விக்குக் கீழ பதில் போட்டா கேள்விக்குக் கீழதான் இருக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். வயக்காட்டுல பாதி பேரு சிக்னல் இல்லாத இடத்துல நின்னுதான் டைப் பண்றோம். அப்ப எத்தனை பதில் இப்படி இடம் மாறிப் போயிருக்குமோ!

உளுந்துக்காரர் கதை இன்னொரு பக்கம். அவருக்கு என் பதில் எங்கேயோ கீழ போயிடுச்சு, தனக்கில்லைன்னு விட்டுட்டார். ரெண்டு நாள் கழிச்சு, "யாரும் பதில் சொல்லமாட்டேங்கிறீங்களே"ன்னு வருத்தமா திரும்பக் கேட்டிருக்கார். அதையும் நான் பார்க்கலை.

அன்னைக்கு ராத்திரி என் பையன்தான் சொன்னான். "கேள்வியைக் கோட் பண்ணிப் பதில் போட்டிருந்தா எங்க போய் விழுந்தாலும் இந்தப் பிரச்சினை வந்திருக்காதேப்பா." உங்களில் பலருக்கு இது தினமும் பண்ற வேலையா இருக்கும். எனக்கும் தெரியும்தான், சில சமயம் பண்ணுவேன். அவசரம்னா பண்ணமாட்டேன். கேள்வி மேல விரலை வச்சு வலது பக்கமா இழுத்தா அந்தக் கேள்வி ஒரு சின்னப் பெட்டியா வந்து டைப் பண்ற இடத்துக்கு மேல உக்காரும். அப்புறம் அனுப்பினா பதில் போற இடத்துக்கெல்லாம் கேள்வியும் கூடவே போகும். பெட்டியைத் தொட்டா பழைய கேள்வி இருக்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போயிடும். நூறு மெசேஜ் தாண்டி விழுந்தாலும் "உளுந்து"ங்கிற வார்த்தை என் பதிலோட தலையிலயே நின்னிருக்கும்.

மறுவாரம் ஞாயித்துக்கிழமை டீக்கடையில உக்காந்து இதைப் பேசினோம். குரூப்ல அடிக்கடி பதில் சொல்றவங்க பத்துப் பதினஞ்சு பேருதான். அவங்க பழகினா போதும்னு முடிவு பண்ணோம். சித்தப்பா ஒருத்தர், எழுபது வயசு, தென்னைக்கு அவரை விட்டா எங்களுக்கு ஆள் கிடையாது. அவருக்கு இழுக்கவே வரலை. விரலை வச்சதும் சட்டுனு தேய்ச்சு மெசேஜையெல்லாம் மேல ஓட்டிட்டார். "ஏரோட்டின கைடா இது, இதுக்கு வராது"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டார். அழுத்திப் பிடிச்சா மேல ஒரு வளைஞ்ச அம்புக்குறி வரும், அதைத் தொட்டாலும் அதே வேலைதான்னு காட்டினதும் பிடிச்சிக்கிட்டார். அவர் டைப் பண்ணமாட்டார், பேசித்தான் அனுப்புவார். பெட்டி வந்தப்புறம் மைக்கை அழுத்திப் பேசினாலும் குரலோட சேர்த்துக் கேள்வி போகும்னு அவருக்கும் அன்னைக்குத்தான் தெரியும், எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும்.

அனுப்புறதுக்கு முன்னாடி டைப் பண்ற இடத்துக்கு மேல பெட்டி நிக்குதான்னு ஒரு தடவை பார்க்கணும். அதுல பெருக்கல் குறி ஒண்ணு இருக்கும், விரல் பட்டா பெட்டி போயிடும். தெரியாம பெட்டி இல்லாம போயிடுச்சுன்னா, பதிலை எல்லாருக்கும் அழிச்சிட்டு திரும்பக் கோட் பண்ணி அனுப்புறதுதான் நல்லது. கால் மணி நேரத்துக்குள்ள மெசேஜைத் திருத்தலாம், ஆனா எழுத்தைத்தான் திருத்த முடியும். விட்டுப்போன பெட்டியைத் திருத்திச் சேர்க்க வழியில்லை.

ஒரு மாசம் இப்படிப் போச்சு. அப்பதான் இன்னொண்ணு புரிஞ்சுது. கோட் பண்றவன் சரியாப் பண்ணினாலும் கேக்கிறவன் சரியாக் கேக்கலைன்னா அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணுமே இருக்காது. எங்க ஆளுங்க எப்படிக் கேப்பாங்கன்னா, முதல்ல "அண்ணா வணக்கம்". அப்புறம் ஒரு போட்டோ. அப்புறம் "இதுக்கு என்ன பண்றது". அஞ்சு நிமிஷம் கழிச்சு "பருத்தி". நாம எதைக் கோட் பண்றது? "இதுக்கு என்ன பண்றது"ங்கிறதைக் கோட் பண்ணினா பெட்டிக்குள்ள பயிரும் இல்லை, வயசும் இல்லை. தம்பியோட கேள்வியும் அப்படித்தான் இருந்துச்சு. போட்டோ தனி, கேள்வி தனி. நான் ஒழுங்கா உளுந்தைக் கோட் பண்ணியிருந்தா அவர் தப்பிச்சிருப்பார், அது நிஜம். ஆனா வேற யாராவது அவரோட "20 நாள் ஆச்சு, களைக்கு மருந்து சொல்லுங்க"ங்கிறதை மட்டும் கோட் பண்ணிப் பதில் சொல்லியிருந்தா, படிக்கிறவங்களுக்கு அது எந்தப் பயிருக்குன்னே தெரிஞ்சிருக்காது.

அதனால கேக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னோம். போட்டோ போடும்போது அதுக்குக் கீழ எழுதுற இடத்துலயே முதல் வார்த்தை பயிர், ரெண்டாவது வயசு, அப்புறம் கேள்வி. "மக்காச்சோளம், 20 நாள், புல்லு அதிகம், என்ன அடிக்கலாம்?" வணக்கமெல்லாம் கடைசியில வச்சுக்கலாம். பெட்டிக்குள்ள ரெண்டு மூணு வரிதான் தெரியும். "அண்ணா எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசா விவசாயத்துக்கு வந்திருக்கேன், எங்க அப்பா காலத்துல"ன்னு ஆரம்பிச்சா பயிர் பேரு வர்றதுக்குள்ள பெட்டி முடிஞ்சிடும். ரெண்டு பயிருக்குக் கேக்கணும்னா ரெண்டு மெசேஜா கேக்கணும். ஒரே மெசேஜ்ல ரெண்டையும் கேட்டா, எவ்வளவு ஒழுங்கா கோட் பண்ணினாலும் பதில் எதுக்குன்னு குழப்பம்தான்.

பேரு போட்டுக் கூப்பிடுறதைப் பத்தியும் சொல்லணும், டேக் பண்றதுன்னு சொல்றாங்களே, அது. @ அடிச்சா குரூப்ல இருக்கிறவங்க பேரு வரிசையா வரும், அதுல தொட்டு எடுக்கணும். எங்க ஆளுங்க நிறைய பேர் @ போட்டுட்டுப் பேரை அவங்களே டைப் பண்ணி அனுப்பிடுவாங்க. அது வெறும் எழுத்துத்தான், யாருக்கும் மணி அடிக்காது. பேரு நிறம் மாறியிருந்தாத்தான் சரியா விழுந்திருக்குன்னு அர்த்தம்.

ஆரம்பத்துல சிலர், கோட் எதுக்கு, பேரு போட்டா போதாதான்னு கேட்டாங்க. போதாது. பேரு ஆளைத்தான் காட்டும், கேள்வியைக் காட்டாது. உளுந்தும் மக்காச்சோளமும் ரெண்டும் போட்ட ஆளுங்க எங்க ஊர்ல பாதி. அவர் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா, "@முருகண்ணன் 400 மில்லி"ன்னு போட்டா எதுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கோட் பண்ணினா கேட்டவருக்கு எப்படியும் தகவல் போயிடும். அதுக்கு மேல பேரு போட வேண்டியதில்லை.

பேரு போடுறது வேற ரெண்டு இடத்துக்கு உதவுது. ஒண்ணு, பதில் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட. தென்னைக் கேள்வி வந்தா அதைக் கோட் பண்ணி சித்தப்பா பேரைப் போட்டுடுவோம். அவர் குரூப்பை ம்யூட்ல வச்சிருக்கார், இருந்தாலும் பேரு போட்டா அவருக்குத் தனியாத் தெரியுது. நூறு மெசேஜ் கிடந்தாலும் உள்ள போனதும் @ குறியைத் தொட்டா நேரா அங்க போய் நிப்பார். ரெண்டாவது, ஒரே கேள்வியை மூணு பேர் கேட்டிருந்தா, ஒருத்தர் கேள்வியைக் கோட் பண்ணிட்டு மத்த ரெண்டு பேர் பேரைச் சேர்க்கிறது. அதுலயும் ஒரு கண்டிஷன், பயிரும் வயசும் ஒண்ணா இருக்கணும். எதுக்கெடுத்தாலும் பத்துப் பேரைக் கூப்பிட்டா அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. சித்தப்பா ஒரு தடவை எச்சரிச்சே விட்டார், "கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் என் பேரைப் போடாதீங்கடா"ன்னு.

இவ்வளவும் பண்ணின பிறகும் ஒரு ஓட்டை இருக்கு. நல்ல பதிலைப் பார்த்தா நம்ம ஆளுங்க அடுத்த குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணுவாங்க. ஃபார்வர்ட் பண்ணினா பெட்டி கழண்டுடும், பதில் மட்டும் மொட்டையாப் போகும். தை மாசம் எங்க மாமா ஊர் குரூப்ல நான் பார்த்தேன், எங்க குரூப்ல யாரோ பருத்திக்குச் சொன்ன பதில், கேள்வி இல்லாம வந்து நின்னுச்சு. அதுக்குக் கீழ ஒருத்தர் "இது நெல்லுக்கும் அடிக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார். கேட்டாரே, அதுவே பெருசு.

அதுக்கப்புறம் நான் கோட் பண்ணினாலும் பதிலோட முதல் வார்த்தையா பயிர் பேரைப் போட்டுடுறேன். இப்ப அதே பதிலை எழுதினா இப்படி இருக்கும்: "உளுந்து 20 நாள், புல்லுக்கு மட்டும்: குயிசலோபாப் ஈதைல் 5%, ஏக்கருக்கு 400 மில்லி, 200 லிட்டர் தண்ணி. மக்காச்சோளம், சோளம், நெல்லுல அடிக்கக்கூடாது." கடைசி வரியை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் அந்த வயல் கண்ணுல வரும்.

தம்பி என்கிட்ட காசு எதுவும் கேக்கலை. விதை, உழவு, உரம்னு ஏற்கனவே போட்டது போச்சு, நிலமும் குத்தகை நிலம். எனக்குத்தான் தூக்கம் வரலை. அந்த இடத்துல திரும்ப மக்காச்சோளம் போட நேரமும் இல்லை, மண்ணுல மருந்து இருக்குமோன்னு பயமும் இருந்துச்சு. அந்த மருந்து ஒண்ணும் பண்ணாத பயிர் எதுன்னு யோசிச்சா, உளுந்துதான். என் வீட்டுல விதைக்கு வச்சிருந்ததுல அஞ்சு கிலோ கொண்டுபோய்க் குடுத்தேன். வேணாம்னார். வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன்.

விதைச்சு கொஞ்ச நாள் கழிச்சு குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. கீழ எழுதியிருந்தார்: "உளுந்து, 18 நாள், 60 சென்ட், புல்லு இருக்கு. அதே டப்பாவுல பாதி மிச்சம் இருக்கு, அடிக்கலாமா அண்ணே?" நான் மோட்டார் ரூம்லதான் இருந்தேன். வெளிய வந்து கரைமேட்டுல ஏறி நின்னு, கேள்வி மேல விரலை வச்சு இழுத்து, பெட்டி வந்துச்சான்னு பார்த்துட்டு எழுதினேன். "உளுந்து 18 நாள்: அடிக்கலாம் தம்பி. அறுபது சென்டுக்கு 240 மில்லி, 120 லிட்டர் தண்ணி. டப்பாவுல அவ்வளவு இருக்கான்னு அளந்து பாத்துக்கங்க." டிக் விழுற வரைக்கும் அங்கேயே நின்னேன்.

டப்பாவுல 160தான் இருந்துச்சு. அதுக்குத் தகுந்த மாதிரி நாப்பது சென்ட் அடிச்சிட்டு, மிச்சம் இருபதை ஆள் விட்டுக் கொத்தினதா சாயங்காலம் என் பதிலைக் கோட் பண்ணிச் சொன்னார்.